வைகாசி சம்பாத்தியத்தில் ஆடிக்கும் பங்கு

புது வருடத் தினசரி காலண்டர் கைக்கு வந்ததும் சமையல் கான்ட்ராக்டர்கள் முதலில் புரட்டுவது பின்பக்கத்து முகூர்த்தப் பட்டியலைத்தான். எந்த மாதத்தில் எத்தனை முகூர்த்தம், அதில் எத்தனை ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது, எத்தனை வளர்பிறையில் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். வைகாசி, ஆவணி, தை என்றால் ஆள் கிடைக்காமல் திண்டாட வேண்டியிருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இருக்காது. புரட்டாசியைப் பலர் தவிர்க்கிறார்கள், பங்குனி குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

ஆண்டின் எந்த மாதம் காயும் என்பது ஜனவரியிலேயே அச்சாகி வந்துவிடுகிறது. இருந்தும் ஜூலை நடுவில் ஆடி பிறந்ததும் அந்த வீடுகளில் வளையல் அடகுக்குப் போவது வருடம் தவறாமல் நடக்கிறது. வருமானம் ஏறி இறங்குவதுதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், இந்தக் குடும்பங்களில் பலவற்றுக்கு ஆண்டு வருமானம் ஆண்டுச் செலவைவிட அதிகமாகவே இருக்கிறது. பணம் வரும் மாதமும் செலவு வரும் மாதமும் பொருந்தாததுதான் சிக்கல். அதைச் சரிசெய்யும் கணக்கு ஒன்று உண்டு.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மதுரைப் பக்கம் ஒரு சிறிய சமையல் கான்ட்ராக்டர். அவர், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. வாடகை வீடு. மளிகை, காய்கறி, ஆட்கூலி, பாத்திர வாடகை, வேன், கேஸ் எல்லாம் போகக் கையில் நின்ற காசு மட்டும்தான் இங்கே வருமானம். சித்திரையில் 55,000 ரூபாய். வைகாசியில் 95,000, ஆனியில் 70,000. ஆடியில் காதுகுத்து, வளைகாப்பு என்று ஒன்றிரண்டு வேலை கிடைத்து 8,000. ஆவணியில் 90,000, புரட்டாசியில் 15,000. தீபாவளிப் பலகார ஆர்டர் சேர்ந்து ஐப்பசியில் 50,000, கார்த்திகையில் 60,000. மார்கழியில் 7,000. தையில் 85,000, மாசியில் 65,000, பங்குனியில் 30,000.

கூட்டினால் 6,30,000 ரூபாய். மாதத்துக்குச் சராசரி 52,500.

இந்தப் பன்னிரண்டு எண்களை எழுதுவதுதான் எல்லாவற்றுக்கும் முதல் வேலை. கணக்கு நோட்டு வைக்காதவர்களும் இதைச் செய்துவிட முடியும். ஆர்டர் எழுதும் டைரி, பேங்க் பாஸ்புக், போனில் உள்ள ஜிபே வரலாறு மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ரூபாய் சுத்தமாக வர வேண்டும் என்பதில்லை, ஆயிரத்துக்குச் சரிசெய்து எழுதினாலே போதும். கூடப்போனால் நூறு இருநூறு பிசகும், அதனால் ஒன்றும் ஆகாது. பெரிய பிசகு வேறு இடத்திலிருந்து வருகிறது. அதன் பெயர் அட்வான்ஸ்.

ஆவணியில் நடக்கப்போகும் கல்யாணத்துக்கு ஆடியிலேயே வந்து பேசி முடிப்பார்கள். 500 இலை, இலைக்கு 220 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,10,000. வெற்றிலை பாக்கில் வைத்து 25,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். வீட்டில் அரிசி வாங்கவே யோசிக்கிற மாதத்தில் 25,000 ரூபாய் கைக்கு வருகிறது. பள்ளி வேன் பாக்கி, வாடகை, அம்மாவின் மாத்திரை என்று பத்து நாளில் அது கரைந்துவிடும்.

அந்தக் கல்யாணத்தின் செலவைப் பார்க்கலாம். மளிகை 36,000. காய்கறியும் வாழை இலையும் 15,000. பால், தயிர், நெய் 8,000. மாஸ்டர், கையாள், பரிமாறும் பையன்கள் எல்லாருக்கும் கூலி 24,000. பாத்திர வாடகையும் வேனும் 6,000. கேஸ் 3,000. ஆக 92,000. கான்ட்ராக்டருக்கு நிற்பது 18,000. ஆடியில் வாங்கிச் செலவழித்த 25,000 ரூபாய் அந்தக் கல்யாணத்தின் முழு லாபத்தையும் தாண்டிய தொகை. வேலை தொடங்கும் முன்பே லாபத்தைத் தின்று, மளிகைக்கு வைத்திருக்க வேண்டிய 7,000 ரூபாயையும் தின்றாயிற்று.

அடுத்து நடப்பதை இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் சொல்வார்கள். மளிகைக் கடையில் கடனுக்குச் சரக்கு எடுக்க வேண்டும். கடன் என்றால் விலை பேச வாய் வராது, பருப்பு எந்தத் தரத்தில் வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். பாக்கியைத் தீர்க்க அடுத்த கல்யாணத்தின் அட்வான்ஸ் போகும். அந்தக் கல்யாணத்து மளிகைக்கு அதற்கடுத்த அட்வான்ஸ். சீசன் ஓடும்வரை இந்தச் சங்கிலி அறுபடாமல் ஓடும், ஆளும் பிசியாகவே தெரிவார். ஐப்பசியிலோ மார்கழியிலோ புது ஆர்டர் நின்றதும்தான் கடைசி மளிகை பாக்கி மொத்தமாக வந்து தலையில் விழும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. இன்னும் நடக்காத கல்யாணங்களுக்கு வாங்கிய அட்வான்ஸ் எல்லாவற்றையும் டைரியிலிருந்து கூட்ட வேண்டும். தொழில் கையிருப்பையும் பேங்கில் உள்ளதையும் கூட்ட வேண்டும். கையிருப்பு குறைவாக இருந்தால், குறைகிற அந்தத் தொகை முழுவதும் வீட்டுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும். சில வீடுகளில் மனைவி அதை ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்: “ஏங்க, இது நம்ம காசா, கல்யாண வீட்டுக் காசா?”

அட்வான்ஸ் வருமானம் ஆவது எப்போது? பந்தி முடிந்து, பாக்கிப் பணம் வாங்கி, கூலி கொடுத்து, பாத்திரம் திருப்பி, மளிகைப் பாக்கி தீர்த்த பிறகு மிஞ்சுவது எதுவோ, அது அன்றைக்குத்தான் வருமானம்.

இப்போது வீட்டுப் பக்கம். நம் குடும்பத்தின் மாதச் செலவு இது: வாடகை 9,000. மளிகை, பால், காய்கறி, சிலிண்டர் 13,000. கரண்ட், போன், கேபிள் 2,500. டியூஷனும் பள்ளி வேனும் 3,000. பெட்ரோல் 2,500. அம்மாவின் மருந்து 2,000. மொத்தம் 32,000 ரூபாய். பெரும்பாலான வீடுகளில் பட்ஜெட் என்ற பேச்சு இந்தப் பட்டியலோடு முடிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவுகள் இதில் இல்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம் 48,000. தீபாவளிக்கு 25,000, பொங்கலுக்கு 10,000. குலசாமி கோயில், மொய், சீர்வரிசை சேர்த்து 18,000. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 19,000. இவை 1,20,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 10,000. இவற்றில் எதுவும் எதிர்பாராத செலவு அல்ல. தேதி தெரிந்து வருகிறவை. வருகிற மாதத்தில் மட்டும் நினைவுக்கு வருவதால்தான் அவை இடியாக இறங்குகின்றன.

ஆக இந்த வீடு நடக்க மாதம் 42,000 ரூபாய் வேண்டும். சராசரி வருமானம் 52,500. வேண்டியது அதில் எண்பது சதவீதம்.

இங்கிருந்துதான் முறை தொடங்குகிறது. கான்ட்ராக்டர் தனக்குத் தானே சம்பளம் போட்டுக்கொள்கிறார். வைகாசியில் 95,000 வந்தாலும் வீட்டுக்கு 42,000. ஆடியில் 8,000 வந்தாலும் வீட்டுக்கு அதே 42,000. நடுவில் உள்ள ஏற்ற இறக்கத்தைத் தாங்க ஒரு தனிக் கணக்கு. அதைத் தேக்கக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கண்மாய் மாதிரிதான் இது வேலை செய்கிறது: மழைத் தண்ணீர் எல்லாம் முதலில் கண்மாய்க்குப் போகும், வயலுக்கு மடை வழியாக அளவாகத்தான் தண்ணீர் வரும்.

சித்திரையில் காலியான தேக்கக் கணக்கோடு ஆரம்பித்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். சித்திரையில் 55,000 வந்து 42,000 போகிறது, 13,000 நிற்கிறது. வைகாசி முடிவில் அது 66,000, ஆனி முடிவில் 94,000. ஆடியில் 34,000 பற்றாக்குறை. அதைக் கொடுத்த பிறகும் 60,000 இருக்கும். ஆவணியில் 1,08,000 ஆகும். புரட்டாசி அதிலிருந்து 27,000 எடுக்கும், மார்கழி 35,000 எடுக்கும். தையும் மாசியும் மீண்டும் ஏற்றிவிடும். பங்குனி முடிவில் 1,26,000 ரூபாய் நிற்கிறது. மூன்று மாதச் சம்பளம்.

அதே குடும்பம், அதே வருமானம். ஆனால் ஆடி முதல் தேதியில் காலிக் கையோடு ஆரம்பித்திருந்தால் முதல் மாதமே 34,000 ரூபாய் துண்டு விழுந்திருக்கும். புரட்டாசியில் ஆரம்பித்தாலோ மார்கழி முடிவதற்குள் பள்ளம் 36,000 வரை போயிருக்கும். பலர் இந்த மாதிரி ஒழுங்குக்கு வர நினைப்பது பணமுடை வந்த மாதத்தில்தான். பணமுடை வருவது ஆடியிலும் மார்கழியிலும். ஆக, தோற்பதற்கென்றே உள்ள மாதத்தில் ஆரம்பித்துவிட்டு, “இதெல்லாம் சம்பளக்காரர்களுக்குத்தான் சரிப்படும்” என்று கைவிட்டுவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் தொடங்க ஏற்ற மாதங்கள் தையும் வைகாசியும்தான். முதல் ஆண்டில் வருடாந்தரச் செலவையும் பன்னிரண்டால் வகுக்கக் கூடாது. தையில் தொடங்கினால் ஜூன் பள்ளிக் கட்டணத்துக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது, 48,000ஐ ஐந்தால் வகுத்து மாதம் 9,600 ஒதுக்க வேண்டும். அந்த ஐந்து மாதம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போகும்.

நடைமுறையில் மூன்று இடங்கள் போதும். தொழில் பணம் வந்து போக ஒரு பேங்க் கணக்கு. அட்வான்ஸ் இருக்க வேண்டிய இடம் அதுதான். தேக்கத்துக்கு இன்னொரு பேங்க் கணக்கு. அதற்கு ஏடிஎம் கார்டும் வேண்டாம், போனில் யுபிஐயும் வேண்டாம். பல வங்கிகள் கணக்கில் ஒரு அளவுக்கு மேல் இருக்கும் தொகையைத் தானாகவே வைப்புநிதிக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்பக் கொடுக்கும் வசதியைத் தருகின்றன. தேக்கத்துக்கு அது பொருத்தமானது. மூன்றாவது, வீட்டுக் கணக்கு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி 42,000 அங்கே வரும். அதில் 10,000ஐ மனைவி பெயரில் தனியாக எடுத்து வைத்துவிட்டால் ஜூன் கட்டணமும் தீபாவளியும் மற்ற செலவோடு கலக்காது.

கலப்பு நடப்பது பெரும்பாலும் போனில்தான். முன்பெல்லாம் தொழில் காசு மடியிலும் வீட்டுக் காசு அடுப்படி டப்பாவிலும் தானாகவே பிரிந்து கிடந்தது. இப்போது கல்யாண வீட்டார் போடும் பாக்கிப் பணமும் பிள்ளைக்கு வாங்கும் ஐஸ்கிரீமும் ஒரே நம்பரில், ஒரே கணக்கில் ஓடுகிறது. தொழிலுக்கென்று வேறொரு நம்பரில் வேறொரு கணக்கைச் சேர்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆபத்து ஆடியைவிட வைகாசியில்தான் அதிகம். கையில் 95,000 வந்த சூட்டில் ஒரு பைக்குக்கு முன்பணம் கட்டி, மாதம் 5,000 தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தத் தவணை ஆடியிலும் வரும், மார்கழியிலும் வரும். ஏலச்சீட்டும் அப்படித்தான். கல்யாணச் சீசனில் கட்டுவது சுலபமாக இருக்கும். காய்ந்த மாதத்தில் கட்ட முடியாமல் போனால், அவசரத்துக்குச் சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டி வரும். தவணை எதுவாக இருந்தாலும் அது 42,000க்குள் அடங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. அடங்கவில்லை என்றால், நல்ல மாதங்களில் தேக்கத்தைத் தாண்டி மிஞ்சும் பணத்தைச் சேர்த்து முழுத் தொகைக்கு வாங்கலாம்.

கடன் வாங்கவே கூடாது என்று சொல்வது இந்தத் தொழிலை அறியாதவர் பேச்சு. எந்தக் கடன் என்பதுதான் கேள்வி. ஆடியின் 34,000 பற்றாக்குறைக்கு வங்கியில் நகையை வைத்து, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றே வைத்துக்கொண்டாலும், ஆவணி முடிவில் மீட்டால் இரண்டு மாத வட்டி 680 ரூபாய். தாங்கக்கூடியதுதான். ஆவணியில் மீட்காமல், வட்டியை மட்டும் கட்டி அடுத்த வருடத்துக்குத் திருப்பி வைப்பதில்தான் நகை போகிறது. தண்டலைப் பாருங்கள். 10,000க்கு ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள், நாள் ஒன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், ஆண்டுக் கணக்கில் அது 75 சதவீதத்தைத் தாண்டும். இது போதாதென்று, தினமும் 100 ரூபாய் கட்ட வேண்டும் என்பது தினமும் காசு பார்க்கும் பூக்கடைக்கு ஏற்ற ஏற்பாடு, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் காசு பார்க்கிறவருக்கு ஏற்றதல்ல. மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று வசூலிப்பது தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காய்ந்த மாதத்தில் வாசலுக்கு வந்து நிற்பது பெரும்பாலும் அந்தப் பணமாகத்தான் இருக்கிறது.

தேக்கம் எவ்வளவு இருந்தால் போதும்? வழக்கமான ஆண்டுக்கு 36,000 இருந்தாலே சமாளித்துவிடலாம் என்று மேலே உள்ள கணக்கு காட்டுகிறது. ஆனால் ஆண்டுகள் வழக்கமாகவே வருவதில்லை. 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பிறகு கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் போயின. இந்தத் தொழிலில் உழைப்பது அந்த மூன்று மாதங்களில்தான். அவ்வளவு பெரிய அடி வராவிட்டாலும், மாஸ்டர் கை சுட்டுக்கொண்டாலோ வீட்டில் ஒரு சாவு விழுந்து சீசனில் வேலைக்குப் போக முடியாமல் போனாலோ ஆவணி போய்விடும். ஆகவே மூன்று மாதச் சம்பளம், இந்தக் குடும்பத்துக்கு 1,26,000 ரூபாய், சீசன் இல்லாத நேரத்திலும் நிற்பதுதான் பாதுகாப்பு. நாம் பார்த்த கணக்கில் முதல் ஆண்டு முடிவிலேயே அது சேர்ந்துவிடுகிறது, எல்லாம் சரியாக நடந்தால். அதற்கு மேல் வழிவதைத்தான் புதுப் பாத்திரம், கிரைண்டர், நகை, பிள்ளையின் மேல்படிப்பு என்று திருப்பிவிட வேண்டும்.

எச்சரிக்கை மணி அடிக்கும் தேதி ஆனி கடைசி. அன்றைக்குத் தேக்கத்தில் ஆடிப் பள்ளத்துக்கு 34,000, அதற்கு மேல் ஒரு மாதச் சம்பளம் 42,000, ஆக 76,000 இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஆடி பிறக்கும் முன்பே வீட்டுச் சம்பளத்தை 36,000, 37,000 என்று இறக்கிவிடுவது நல்லது. வாடகை, சாப்பாடு, மருந்து, பள்ளி இவற்றில் கை வைக்க முடியாது. மொய், பண்டிகைத் துணி, வெளியூர்ப் பயணம் இவற்றில்தான் இறக்க முடியும், அதைக் குடும்பம் முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால்தான் நடக்கும். வைகாசியில் பணம் கொட்டியதைப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். ஆடியில் திடீரென்று இல்லை என்றால் அவர்களுக்குப் புரியாது. பன்னிரண்டு எண்களையும் எழுதிய தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்த வீடுகளில் அந்தப் பேச்சு சுலபமாகிறது.

மாதங்கள் மாறுமே தவிர மற்ற தொழில்களுக்கும் கணக்கு இதுதான். கறிக்கடைக்குப் புரட்டாசி. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு வைத்திருப்பவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேதி முன்கூட்டியே தெரிந்த பள்ளம் என்பதால் இவர்கள் எல்லாருக்கும் தேக்கம் கைகொடுக்கும். தொழில் தொடங்கி ஓராண்டு ஆகாதவர்களிடம் பன்னிரண்டு எண்கள் இருக்காது. இதுவரை பார்த்த மாதங்களில் குறைந்த வருமானம் வந்த பாதி மாதங்களை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைச் சம்பளமாக வைத்துக்கொண்டு, ஆண்டு முடிந்ததும் திருத்திக்கொள்ளலாம்.

இந்த முறையால் தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு. நம் குடும்பத்துக்குச் சராசரி 52,500, தேவை 42,000. சராசரியே 40,000 ஆக இருந்திருந்தால் எத்தனை கணக்கு பிரித்தாலும் ஆண்டுக்கு 24,000 துண்டு விழும், தேக்கம் அதை இரண்டு மூன்று மாதம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். அப்போது பார்க்க வேண்டியது தொழில் பக்கம்: இலைக்கு 220 கட்டுப்படியாகிறதா, வாரநாள் ஆர்டருக்கு ஆட்கூலி கூடுகிறதா, ஆடியிலும் மார்கழியிலும் கோயில் அன்னதானமோ ஐயப்ப பூஜைச் சமையலோ பிடிக்க முடியுமா என்று. வீட்டுச் சம்பளத்தை உயர்த்துவதானாலும் இறக்குவதானாலும் அதை ஒரு நல்ல மாதத்தையோ கெட்ட மாதத்தையோ பார்த்து முடிவு செய்யாமல், பங்குனி கடைசியில் தேக்கக் கணக்கின் பாஸ்புக்கைப் போன வருடத்து எண்ணோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கார்த்திகை நன்றாக ஓடியது என்று மார்கழியில் சம்பளத்தை 5,000 ஏற்றிக்கொண்டவர், அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு 60,000 ரூபாயை இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார்.